ஷவர் கண்ணாடியில் சோப்புப் படலம், எவர்சில்வர் சிங்க்கில் உப்புக் கறை: சேலம் தண்ணீருக்கு ஏற்ற கேள்வி-பதில்

எங்க வீட்டுல போர் தண்ணிதான். ஷவர் கண்ணாடி ரெண்டே வாரத்துல வெள்ளையாகிடுது. இது சோப்பா, உப்பா?

இரண்டும்தான், ஒன்றின் மேல் ஒன்றாக. அதனால்தான் ஒரே பொருளைப் போட்டுத் தேய்த்தால் போவதில்லை.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். இதைத்தான் உப்புக் கறை என்கிறோம். பெரும்பகுதி சாப்பாட்டு உப்பு இல்லை, சுண்ணாம்பு. இதே கால்சியமும் மக்னீசியமும் சோப்புக் கட்டியில் உள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத, மெழுகு போன்ற ஒரு பொருள் உண்டாகும். பக்கெட்டில் துணி அலசும்போது மேலே திரிதிரியாக மிதக்குமே, அதுதான். அது கண்ணாடியில் ஒட்டி, உடம்பு எண்ணெயையும் அழுக்கையும் பிடித்து வைத்துக்கொண்டு சாம்பல் நிறப் படலமாகிறது.

தொட்டுப் பார்த்தே பிரிக்கலாம். காய்ந்த கண்ணாடியில் நகத்தால் கீறுங்கள். நகத்தில் மெழுகு மாதிரி சுருண்டு வந்தால் சோப்புப் படலம். மணல் மாதிரி நெருடினால் உப்பு. ஷவர் தண்ணீர் நேராகத் தெறிக்கும் இடத்தில் உப்பு அதிகமாகவும், நின்று சோப்பு போடும் இடத்தில் இடுப்பு உயரத்துக்குப் படலம் அதிகமாகவும் இருக்கும்.

சேலத்துக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. ஏற்காடு அடிவாரத்துக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் வெள்ளைக் கரடுகளுக்கு ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த வெள்ளைக் கல் சாக்பீஸ் கல் அல்ல, மேக்னசைட். அதாவது மக்னீசியம் கார்பனேட். அந்த வகைப் பாறைகளின் இடுக்கில் ஊறும் தண்ணீரில் மக்னீசியம் சற்றுத் தாராளமாகவே இருக்கும். சோப்புக்கு கால்சியம் எவ்வளவு பகையோ அவ்வளவு பகை மக்னீசியமும்.

தண்ணி எவ்வளவு கடினம்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

துல்லியமாக வேண்டுமென்றால் ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் அறிக்கையில் 600-ஐத் தாண்டிய எண் இருந்தால் கண்ணாடியை நொந்து பயனில்லை.

வீட்டுச் சோதனைக்கு ஒரே மாதிரி இரண்டு பாட்டில் போதும். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், இரண்டிலும் பாதியளவு. குளியல் சோப்பைச் சீவி ஒவ்வொன்றிலும் கால் டீஸ்பூன் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை நிற்கும். கடினத் தண்ணீரில் நுரை சட்டென்று அடங்கி, தயிர் திரிந்தாற்போலத் துகள் மிதக்கும். பாத்திரம் கழுவும் லிக்விடை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது டிடர்ஜென்ட், எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

சுத்தம் பண்ண என்னென்ன வாங்கணும்?

முக்கியமானது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு அல்லது லெமன் சால்ட் என்று கேட்டால் சர்க்கரை மாதிரி பரல் பரலாகக் கொடுப்பார்கள். வெள்ளை வினிகரும் வேலை செய்யும். ஆனால் கடை வினிகரில் அமிலம் 4 முதல் 5 சதவீதம்தான். இரண்டு வருடக் கறைக்கு அது போதாது, வாடையும் குளியலறையை விட்டுப் போகாது. புதிதாகப் படிந்த கறைக்கும் சிங்க்குக்கும் வினிகர் சரி. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்ப்பதில் குற்றமில்லை. ஆனால் ஆளுயரக் கண்ணாடிக்கு எத்தனை பழம் பிழிவீர்கள்?

அத்தோடு பாத்திரம் கழுவும் லிக்விட், ஒரு ஸ்பிரே பாட்டில், வெள்ளை நைலான் ஸ்க்ரப்பர், பழைய பருத்தி வேட்டித் துணி, ரப்பர் வைப்பர், மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ரப்பர் கையுறை. பச்சை ஸ்க்ரப்பரும் கம்பி நாரும் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. பச்சை ஸ்க்ரப்பரில் அரைக்கும் துகள் கலந்திருக்கும், கண்ணாடியில் மெல்லிய கீறல் விழும். அன்றைக்குத் தெரியாது. வெயில் சாய்வாக விழும் ஒரு காலை நேரத்தில் தெரியும்.

ரெண்டு வருஷமா சரியா தேய்க்காத கண்ணாடி. ஆரம்பத்துலேருந்து எப்படிச் செய்யணும்?

ஆறரை அடி உயரம், மூன்றடி அகலக் கண்ணாடி, போர் தண்ணீர், சோப்புக் கட்டி, வாரம் ஒருமுறை நல்லெண்ணெய்க் குளியல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

முதலில் தரையைப் பாருங்கள். மார்பிள், கடப்பா, பழைய வீடுகளின் மொசைக் ஆகியவற்றில் அமிலம் சொட்டினால் பளபளப்பு போய் மங்கல் விழும். அவையும் சுண்ணாம்புக் கற்கள்தான், கறையைக் கரைப்பது தரையையும் கரைக்கும். அப்படிப்பட்ட தரையாக இருந்தால் கண்ணாடிக்கு அடியில் பழைய டவலை நன்றாக நனைத்துச் சுருட்டிப் போட்டு, தரை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண செராமிக் டைலுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது எண்ணெய். இதைத் தாண்டிக் குதித்து நேராக அமிலத்துக்குப் போவதால்தான் பலருக்கு வேலை நடப்பதில்லை. நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்த படலம் மேலே இருந்தால் அமிலம் சுண்ணாம்பைத் தொடவே முடியாது, வழிந்து ஓடிவிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் பாத்திர லிக்விட் கலந்து, ஸ்க்ரப்பரால் முழுக் கண்ணாடியிலும் பூசி, ஐந்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கண்ணாடி இப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் வழுவழுப்பு போயிருக்கும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் விரிந்து ஓடுகிறதா என்று பாருங்கள். விரிந்தால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள்.

இப்போது அமிலக் கரைசல். அரை லிட்டர் வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், மூன்று டேபிள்ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரையுங்கள். ஏறக்குறைய 40 கிராம் வரும். கரைந்தபின் ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட் சேருங்கள். இந்த லிக்விட் அலங்காரத்துக்கு இல்லை. அமிலம் சோப்புப் படலத்திலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்ததும் பின்னால் மிஞ்சுவது கொழுப்பு அமிலம், மெழுகுவர்த்தியில் சேர்க்கும் ஸ்டியரிக் ஆசிட் வகை. அது தண்ணீரில் கரையாது. அதைத் தூக்கிக்கொண்டு போக டிடர்ஜென்ட் வேண்டும். வெறும் வினிகர் அடித்துத் துடைத்தவர்கள் ‘கண்ணாடி இப்போ பிசுபிசுங்குது’ என்று சொல்வது இதனால்தான்.

நேரான கண்ணாடியில் கரைசல் நிற்காது. அதனால் வேட்டித் துணியை அதில் நனைத்து, லேசாகப் பிழிந்து, கண்ணாடியில் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டிவிடுங்கள். ஈரத் துணி தானாகவே பிடித்துக்கொள்ளும். பதினைந்து நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை துணி மேலேயே ஸ்பிரே அடியுங்கள். காய விடக்கூடாது, காய்ந்தால் கரைந்தது மறுபடி அங்கேயே படியும். பிறகு துணியை எடுத்து, ஸ்க்ரப்பரால் அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் சாம்பல் நிறக் கூழ் வரும். உடனே தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

முதல் சுற்றில் முக்கால்வாசி போகலாம், பாதி மட்டும் போகலாம். இரண்டாவது சுற்றுக்குப் புதுக் கரைசல் கலக்குங்கள். பழையதையே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஊறவிடுவது வீண், சில சமயம் கெடுதலும்கூட. எலுமிச்சை அமிலமும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் சரியாகக் கரையாது, சூட்டில் இன்னும் குறைவாகவே கரையும். ‘ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன், காலையில புதுசா வெள்ளை மாவு’ என்பவர்கள் பார்த்தது அதைத்தான். குறைந்த நேரம், புதுக் கரைசல், உடனே கழுவல்: இப்படி இரண்டு மூன்று முறை செய்வதுதான் வேகமான வழி.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஈரக் கண்ணாடியில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், ஈரத்தில் எல்லாக் கண்ணாடியும் அழகு. நெருடல் இருந்தால் உப்பு மிச்சம் இருக்கிறது.

குரோம் பூசிய கைப்பிடி, கீல், அலுமினிய சானல் ஆகியவற்றில் கரைசல் பட்டால் தவறில்லை, தங்கக்கூடாது. கண்ணாடி ஊறும்போதே அவற்றைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருங்கள். அடிச் சானலுக்குள் தேங்கிய சேறு போன்ற படலத்துக்குப் பழைய டூத் பிரஷ் போதும். சிலிக்கான் ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளி மட்டும் எத்தனை தேய்த்தாலும் போகாது. அது சோப்பும் இல்லை உப்பும் இல்லை, பூஞ்சை. அதற்கு வேறு மருந்து, வேறு நாள்.

தேய்ச்சு முடிச்சதும் பளிச்சுன்னு இருந்துச்சு. காய்ஞ்சதும் மறுபடி புள்ளி புள்ளியா வெள்ளை. ஏன்?

கடைசியாக ஊற்றிய தண்ணீரும் அதே போர் தண்ணீர் என்பதால்தான். கறை போய்விட்டது. நீங்கள் இப்போது பார்ப்பது புதுக் கறை, வயது அரை மணி நேரம்.

கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர், மழைத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவானாலும் சரி, ஒரு கண்ணாடிக்கு இரண்டு லிட்டர் தாராளம். மேலிருந்து மெதுவாக ஊற்றி, வைப்பரை மேல் மூலையில் வைத்து ஒரே இழுப்பில் கீழே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பர் விளிம்பைத் துடைத்துவிட்டு, முந்தைய தடத்தின் மேல் ஓர் அங்குலம் ஏறும்படி அடுத்ததை இழுங்கள். ஓரங்களையும் கீல்களையும் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் பக்கெட்டில் பிடித்துத் துடைக்கப் பயன்படுத்துகிறோம். தரைக்கும் கழிப்பறைக்கும் அது நல்ல பழக்கம். கண்ணாடிக்கும் சிங்க்குக்கும் வேண்டாம். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, போர் தண்ணீரைவிடக் கடினமாக இருக்கும்.

மூணு தடவை செஞ்சும் ஒரு மங்கல் போகலை. கறையா, கண்ணாடியே கெட்டுப்போச்சா?

நான்காவது முறை தேய்க்காதீர்கள், முதலில் சோதியுங்கள். மங்கலான இடத்தில் உள்ளங்கையளவு டிஷ்யூவை மடித்து, அமிலக் கரைசலில் நனைத்து ஒட்டி, இருபது நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்துப் பாருங்கள். ஒட்டிய இடத்துக்கும் சுற்றியுள்ள இடத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் இன்னும் கறைதான், பொறுமையாக இன்னொரு சுற்று போகலாம். துளியும் வித்தியாசம் இல்லை, விரலுக்கும் வழவழப்பாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: தண்ணீரிலிருந்த சிலிக்கா படிந்திருக்கிறது, அல்லது கண்ணாடியின் மேல் தோல் அரித்திருக்கிறது. இரண்டுக்கும் எலுமிச்சை அமிலம் பயன்படாது.

அந்த நிலையில் உதவுவது சீரியம் ஆக்சைடு. கண்ணாடி வேலை செய்பவர்கள் மெருகேற்றப் பயன்படுத்தும் பொடி. தண்ணீரில் குழம்பாகக் கலந்து ஃபெல்ட் பேட் வைத்து, காய விடாமல், ஓரிடத்தில் சூடு ஏறாமல் மெருகேற்ற வேண்டும். கையால் செய்தால் உள்ளங்கையளவு இடத்துக்கே கை விட்டுப்போகும். முழுக் கண்ணாடிக்கும் தேவைப்பட்டால் கண்ணாடிக் கடை ஆளைக் கூப்பிடுவதே நல்லது. ஆழமாக அரித்திருந்தால் கண்ணாடியை மாற்றுவதன் செலவையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கலந்த ‘கண்ணாடிக் கறை நீக்கி’ எதையும் வாங்காதீர்கள். அது சிலிக்காவைக் கரைக்கும், உண்மைதான். கண்ணாடியும் சிலிக்காதான். தோலில் பட்டால் உடனே எரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கக்கூடியது.

பிளேடு வெச்சு சுரண்டலாமா?

வேண்டாம். ஷவர் கண்ணாடி சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன்ட் கண்ணாடி. அந்தச் சூளையில் கண்ணாடித் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவில் மேற்பரப்பில் ஒட்டி உருகியிருக்கக்கூடும். பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போனால் நீளக் கீறல் விழும். பூச்சு போட்ட கண்ணாடி என்றால் பிளேடு, சமையல் சோடா, பலமான அமிலம் மூன்றுமே ஆகாது. லிக்விடும் மெல்லிய வினிகரும் மட்டும்.

எவர்சில்வர் சிங்க்ல வட்ட வட்டமா வெள்ளைப் புள்ளி. அதுக்கும் இதே முறையா?

அடிப்படை அதேதான், ஆனால் பாதி வேலை. சிங்க்கில் சோப்புப் படலம் அவ்வளவாக இருக்காது. பாத்திர லிக்விட் டிடர்ஜென்ட் என்பதால் கால்சியத்தோடு சேர்ந்து படியாது. இருப்பது சமையல் எண்ணெயும் உப்பும். லிக்விட் போட்டுக் கழுவி எண்ணெயை எடுங்கள். பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அல்லது ஒரு கப் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை உப்பு கரைத்து, துணியில் நனைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் விரித்து வையுங்கள்.

சிங்க்கை உற்றுப் பார்த்தால் தகட்டில் மெல்லிய கோடுகள் ஒரு திசையில் ஓடுவது தெரியும். துடைப்பது, தேய்ப்பது எல்லாம் அந்தக் கோட்டின் போக்கிலேயே இருக்கட்டும். குறுக்கே தேய்த்தால் சுத்தமான சிங்க்கூட அழுக்காகத் தெரியும், ஏனென்றால் குறுக்குக் கீறல் வெளிச்சத்தை வேறு பக்கம் சிதறடிக்கும். கழுவியதும் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் செய்தது அத்தனையும் வீண்.

குழாயின் அடியில் கல்லாகக் கட்டியிருக்கும் வெள்ளைக்கு, கரைசலில் நனைத்த துணியைக் கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டி அரை மணி நேரம் விடுங்கள். குழாய் நுனியின் சல்லடை கழன்று வரும். அதைத் தனியே கிண்ணத்தில் ஊறப்போட்டால் தண்ணீரும் நேராக விழும், பக்கவாட்டில் தெறித்துப் புள்ளி விழுவதும் குறையும்.

வினிகரும் சமையல் சோடாவும் கலந்தா நல்லா பொங்குது. ரொம்பப் பலமானதா?

பொங்கல் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் வேண்டும், அதை நீங்களே கொன்றுவிட்டீர்கள். சோடாவைத் தனியாகப் பயன்படுத்துங்கள். மூன்று ஸ்பூன் சோடாவுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்தால் சிங்க்கின் எண்ணெய்க் கறைக்கும் டீக் கறைக்கும் மென்மையான தேய்ப்புப் பொடியாகும். அதைக் கழுவிய பிறகு வினிகர்.

பாத்ரூம் ஆசிட் ஊத்தினா ஒரே நிமிஷத்துல போகுதே. அதை விட்டுட்டு ஏன் இவ்வளவு பாடு?

கறை போகும், உண்மை. கூடவே எவர்சில்வரும் போகும். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு என்ற மிக மெல்லிய தோலால். அந்தத் தோலுக்கு குளோரைடுதான் எமன். சில நிமிடங்களில் மங்கல், சில வாரங்களில் ஊசி குத்தியது போன்ற குழிகள், குழிக்குள் துரு. பிளீச்சிங் பவுடரையும் பிளீச் திரவத்தையும் சிங்க்கில் ஊறவைப்பதும் இதே வேலையைச் செய்யும். கீழே அலமாரியில் ஆசிட் பாட்டிலை மூடி சரியாக இல்லாமல் வைத்தால் அதன் ஆவியே சிங்க்கின் அடிப்பாகத்தைத் துருவேற்றும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஆசிடோ வினிகரோ எலுமிச்சை உப்போ எதுவானாலும் பிளீச்சோடு கலக்கக்கூடாது, குளோரின் வாயு வரும். முதல் நாள் பிளீச் போட்ட குளியலறையை நன்றாகக் கழுவிக் காற்றோட்டம் விட்ட பிறகே அமிலத்தை எடுங்கள்.

சிங்க்ல பழுப்புப் புள்ளி வருது. எவர்சில்வர் துருப்பிடிக்குமா? கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

அவசரப்பட்டுக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்த துரு. கம்பி நாரின் துணுக்கு, இரும்புத் தோசைக்கல், இரும்பு அரிவாள்மனை ஆகியவற்றை ஈரத்தோடு இரவில் சிங்க்கில் விட்டிருப்பீர்கள். ஆக்சாலிக் அமிலம் கலந்த எவர்சில்வர் பொடியைக் குழைத்து, ஒரு நிமிடம் விட்டு, கோட்டின் போக்கில் தேய்த்தால் போய்விடும். அந்தப் பொடி விஷம், கையுறை வேண்டும், நன்றாகக் கழுவ வேண்டும்.

துடைத்த இடத்தில் விரலுக்குக் குழி தட்டுப்பட்டால், அல்லது அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அது தகட்டின் துரு. 304 தரத் தகடு வீட்டுச் சமையலறைக்குத் தாங்கும். நிக்கல் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசைத் தகடு ஊறுகாய் உப்புக்கும் பிளீச்சுக்கும் சீக்கிரம் பணிந்துவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, இரண்டு வகையும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. எவர்சில்வர் தகடு உருட்டும் உருக்காலை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, சிங்க் வாங்கும்போது பில்லில் தர எண்ணை எழுதி வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஏற்காட்டுல தங்கும் விடுதி நடத்துறோம். தண்ணி நல்ல தண்ணிதான், ஆனாலும் கண்ணாடி மங்குது. ஏன்?

உங்களுக்கு அடிவாரத்தின் தலைகீழ்ப் பிரச்சினை. உப்பு குறைவு, ஈரம் அதிகம். பனிமூட்டக் காலத்தில் குளியலறை மதியம் வரை காயாது. சோப்பும் ஷாம்பூவும் உடம்பு எண்ணெயும் கண்ணாடியில் ஈரமாகவே கிடந்து, மெல்லிய வழவழப்பான படலமாகும். அதன் மேல் பூஞ்சையும் குடியேறும். இதற்கு அமிலத்தைவிட வெந்நீரும் பாத்திர லிக்விடும் முக்கியம். ஒவ்வொரு விருந்தினர் கிளம்பிய பிறகும் ஒரு முறை அப்படிக் கழுவி, வைப்பர் இழுத்து, சன்னலைத் திறந்துவிட்டால் மாதத்துக்கு ஒரு முறை எலுமிச்சை உப்பு போதும். குளிரில் வேதிவினை மெதுவாக நடக்கும், அதனால் கரைசலை வெதுவெதுப்பாகவே கலக்குங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தெரியாது. அந்த மாதங்களில் திடீரென்று புள்ளி விழ ஆரம்பித்தால் பழியை வேலையாள் மேல் போடாமல் தண்ணீரைச் சோதியுங்கள். துடைத்த சிங்க்கில் மினுமினுப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவும் பழக்கமும் மலைக்கு ஒத்துவராது. குளிரில் அது வெண்ணெய் மாதிரி உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

மறுபடி வராம இருக்க என்னதான் வழி? சாஃப்ட்னர் வாங்கலாமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம், ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் கண்ணாடியில் 100 மில்லி தண்ணீர் ஒட்டி நிற்கிறது, வீட்டில் நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரு குளியலுக்கு 60 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 240, மாதத்துக்கு ஏழு கிராமுக்கு மேல். ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன் சுண்ணாம்பை மாதா மாதம் கண்ணாடியில் பூசுவதற்குச் சமம். குளித்து முடித்ததும் வைப்பரை நான்கு இழுப்பு இழுத்தால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி காய்வதற்கு முன்பே கீழே போய்விடும். முப்பது விநாடி வேலை. வைப்பர் கண்ணாடிக்கு உள்ளேயே கை எட்டும் கொக்கியில் தொங்க வேண்டும். கதவுக்கு வெளியே இருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

அடுத்தது சோப்புக் கட்டியை விட்டு டிடர்ஜென்ட் வகை பாடி வாஷுக்கு மாறுவது. பாட்டிலில் பொட்டாசியம் கலந்த திரவச் சோப்பு வந்தால் அதுவும் சோப்புதான், அதே படலம் வரும்.

ரெசின் வைத்து, உப்புப் போட்டு மீட்டெடுக்கும் சாஃப்ட்னர் உண்மையாகவே கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும். சோப்புப் படலம் ஏறக்குறைய நின்றுவிடும். தண்ணீர்ப் புள்ளி முழுக்க நிற்காது. ஆனால் விழும் புள்ளி சோடியம் உப்பு என்பதால் ஈரத் துணியால் ஒரு துடைப்பில் போகும். குழாயில் மாட்டும் காந்தக் கருவிகள் தண்ணீரிலிருந்து எதையும் வெளியே எடுப்பதில்லை. கருவி மாட்டுவதற்கு முன்பும் பின்பும் மேலே சொன்ன பாட்டில் சோதனையைச் செய்தாலே தெரிந்துவிடும். விற்க வருபவர் எதிரிலேயே செய்து பாருங்கள்.